ஓவனில் சிக்கன் டிக்கா: வெளுத்துப் போனால், கருகினால், காய்ந்தால் எங்கே பார்ப்பது

தந்தூர் அடுப்பில் கறி கோத்த கம்பி நட்டமாக நிற்கும். சுற்றிலும் மண் சுவர், அடியில் கரி. 400 டிகிரிக்கு மேல் சூடேறிய அந்தச் சுவர் கறியை எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் சுடுகிறது. மசாலாவிலிருந்து கசியும் நீர் கம்பி வழியாகக் கீழே இறங்கிவிடுகிறது. வீட்டு ஓ.டி.ஜி.யிலோ சமையலறையில் பதித்த ஓவனிலோ இந்த வசதி எதுவும் கிடையாது. குமிழ் 230-லோ 250-லோ முடிந்துவிடும். கம்பி படுத்துக் கிடக்கும். சிவந்து எரிகிற ஹீட்டர் மேலே மட்டும்தான் கறிக்கு நேராகத் தெரியும்.

டிக்கா சரியாக வர இரண்டு வேலை நடக்க வேண்டும். உள்ளே வேக வேண்டும், வெளியே நிறம் பிடிக்க வேண்டும். ஓவனுக்குள் இருக்கும் சூடான காற்று முதல் வேலையைப் பார்க்கிறது. மேல் ஹீட்டரின் அனல் இரண்டாவது வேலையைப் பார்க்கிறது. அந்த அனல் வெளிச்சம் மாதிரி நேர்கோட்டில் வருவதால், தனக்கு எதிரே தெரிகிற பரப்பை மட்டும்தான் சுடும். இந்த இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் முடியாமல் ஒன்று முந்திக்கொள்ளும்போதுதான் கோளாறு வருகிறது. எது முந்தியது என்பதைக் கறியைப் பார்த்தே சொல்லிவிடலாம். அதனால் கீழே உள்ளவற்றில் உங்கள் தட்டில் எது தெரிகிறதோ, அதிலிருந்து தொடங்குங்கள்.

அதற்கு முன்னால், அளவு நாடாவை எடுத்து ஒரு முறை அளந்துவிடுங்கள். ஓவன் ஆறியிருக்கும்போது, ஹீட்டரின் அடிப்பக்கத்திலிருந்து கறியின் மேல்பரப்பு வரை எவ்வளவு தூரம் என்று பார்க்க வேண்டும். ரேக் வரை அளந்தால் கணக்கு தப்பும். உதாரணமாக, ரேக்கைச் செருகும் பள்ளங்களில், ஹீட்டரிலிருந்து மேல் பள்ளம் 9 செ.மீ. கீழே, நடுப் பள்ளம் 14 செ.மீ. கீழே என்று வைத்துக்கொள்வோம். ட்ரேயின் விளிம்பு உயரம் 3 செ.மீ. அந்த விளிம்பின் மேல் கம்பியைக் குறுக்காக வைத்தால், 4 செ.மீ. தடிமனான துண்டில் பாதி விளிம்புக்கு மேலே நிற்கும். ஆக, கறியின் தலை ட்ரேயின் அடியிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் இருக்கும். மேல் பள்ளத்தில் வைத்தால் ஹீட்டருக்கும் கறிக்கும் 4 செ.மீ.தான் இடைவெளி. நடுப் பள்ளத்தில் 9 செ.மீ. முதல் கணக்கில் மேல்புறம் கருகும், இரண்டாவதில் ஒழுங்காக வேகும். டிக்காவுக்கு 8-லிருந்து 10 செ.மீ. வரை நல்ல தூரம். கடைசி ஓரிரு நிமிடம் மட்டும் 5 செ.மீ. வரை நெருங்கலாம்.

வெளுத்துப் போய், ட்ரேயில் தண்ணீர் தேங்கி நிற்கிறது

அதிகம் பேருக்கு வருவது இதுதான். கால் மணி நேரம் கழித்துத் திறந்தால் கறி வெந்திருக்கும். ஆனால் நிறம் குருமாவில் கிடந்த மாதிரி இருக்கும். கீழே ஆரஞ்சு நிறத்தில் நீர், அதில் திரிந்த தயிர் மிதக்கும்.

கறியின் மேல் ஈரம் இருக்கும்வரை அந்தப் பரப்பின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. வருகிற அனல் எல்லாம் நீரை ஆவியாக்கவே போய்விடும். பழுப்பு நிறமும் சுட்ட மணமும் 140 டிகிரிக்கு மேல்தான் சுறுசுறுப்பாக உண்டாகும். ஈரம் காய்வதற்குள் உள்ளே வெந்து முடிந்துவிட்டால், அப்புறம் நிறத்துக்காகக் காத்திருக்க நேரமில்லை. காத்திருந்தால் கறி சக்கை ஆகிவிடும்.

முதலில் தயிரைப் பாருங்கள். கடைத் தயிரையோ வீட்டுத் தயிரையோ அப்படியே கலந்தால் இது நிச்சயம் நடக்கும். அரை கிலோ கறிக்கு 200 கிராம் தயிரை மெல்லிய துணியில் கட்டி, ஃபிரிட்ஜுக்குள் ஒரு கிண்ணத்தின் மேல் இரண்டு மூன்று மணி நேரம் தொங்கவிடுங்கள். ஏறக்குறைய பாதியாகக் குறைந்து, கரண்டியைச் சாய்த்தாலும் விழாத பதத்துக்கு வரும். அந்தப் பதம் வந்தால் போதும், எடை பார்க்க வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி கடலை மாவை வெறும் வாணலியில் மணம் வரும்வரை வறுத்துச் சேர்த்தால், மிச்ச ஈரத்தை அது பிடித்துக்கொள்ளும். மசாலாவும் கறியில் ஒட்டி நிற்கும். கழுவிய கறியை வடிதட்டில் போட்டதோடு விடாமல் துணியால் ஒற்றி எடுப்பதும் முக்கியம். இஞ்சி பூண்டைத் தண்ணீர் விட்டு அரைத்திருந்தால் அந்தத் தண்ணீரும் கணக்கில் சேரும்.

கம்பியில் கோக்கும்போது துண்டின் மேல் குவிந்திருக்கும் மசாலாவை விரலால் வழித்துவிடுங்கள். நிறைய மசாலா இருந்தால் நிறைய ருசி என்று தோன்றும். ஆனால் தடித்த பூச்சு காய நேரமாகும், காய்ந்ததும் தோலாக உரிந்து ட்ரேயில் விழும். மெல்லிய படலம் போதும். ஊறும் நேரத்தில் உப்பு உள்ளே போயிருக்கும்.

தயிர் கெட்டியாக இருந்தும் வெளுப்பு போகவில்லை என்றால், கறியை எதன் மேல் வைத்தீர்கள் என்று பாருங்கள். ட்ரேயில் நேராக வைத்தாலும், ஃபாயில் விரித்த ரேக்கில் வைத்தாலும், வடிகிற நீரிலேயே கறியின் அடி வேகும். கம்பி அந்தரத்தில் நிற்க வேண்டும். ஆழமான ட்ரேயின் இரு விளிம்பிலும் முனைகளைத் தாங்க வையுங்கள். ட்ரே அகலமாக இருந்து கம்பி எட்டவில்லை என்றால், பிரெட் சுடும் நீள டின் நன்றாகப் பொருந்தும். துண்டுக்குத் துண்டு அரை செ.மீ. இடைவெளி விடுங்கள். நெருக்கிக் கோத்தால் ஒட்டியிருக்கும் பக்கங்கள் ஆவியில் வெந்து வெளுத்தே இருக்கும்.

இன்னும் ஒரு காரணம் உண்டு. இதைப் பலர் கவனிப்பதில்லை: ஹீட்டர் அணைந்திருக்கும். ஓவனில் தெர்மோஸ்டாட் இருக்கிறது. குமிழில் வைத்த சூடு வந்ததும் அது ஹீட்டரை நிறுத்தி, சூடு இறங்கினால் மறுபடி ஓட விடும். 200-ல் வைத்து, நன்றாகச் சூடேறிய பிறகு கறியை உள்ளே தள்ளினால், சற்று நேரத்தில் ஹீட்டர் கறுத்துவிடும். காற்று 200 டிகிரியில் இருக்கும், கறி வேகும். நிறம் கொடுக்க வேண்டிய செந்தணல் மட்டும் இருக்காது. கண்ணாடி வழியாக ஹீட்டரையே பாருங்கள். வெளியே இருக்கும் சிவப்பு விளக்கை நம்ப முடியாது, சில ஓவன்களில் அது மின்சாரம் இருப்பதை மட்டும்தான் காட்டும்.

இதற்கு எளிய வழி, 200-ல் பத்து நிமிடம் சூடேற்றி, கறியை வைத்த உடனே குமிழைக் கடைசி எண்ணுக்குத் திருப்புவது. ஓவன் புதிய இலக்கை நோக்கி ஓடும்போது ஹீட்டர் அணையாமல் சிவந்தே இருக்கும். அப்படியும் நடுவில் அணைந்தால், கறியைத் திருப்பக் கதவைத் திறக்கும்போது சூடு இறங்கி மறுபடி எரியத் தொடங்கும். கதவை ஒரு விரல் திறந்து வைத்துச் சுடுவோரும் உண்டு. ஓவனோடு வந்த கையேடு அதை அனுமதித்தால் மட்டும் செய்யுங்கள். குமிழ்கள் கதவுக்கு மேலே இருக்கும் ஓவன்களில் வெளியே வரும் அனலில் அவை இளகிவிடும்.

குமிழின் படங்களையும் ஒரு தரம் சரிபாருங்கள். மேலே வளைவு வளைவாகக் கோடு போட்டிருப்பது கிரில். மேலும் கீழும் நேர்கோடு இருப்பது கேக் சுடும் முறை. ஓ.டி.ஜி.யில் மேல் ஹீட்டர், கீழ் ஹீட்டர், இரண்டும் என்று இருக்கும். முதலில் இரண்டும், கடைசியில் மேல் மட்டும் என்பது என் வழக்கம். சிறிய ஓவனில் மேல் ஹீட்டர் மட்டும் உள்ளே போதிய காற்றுச் சூட்டைத் தராது.

மேலே கருகிவிட்டது, உள்ளே பச்சையாக இருக்கிறது

மேலே சொன்னதற்கு நேர் எதிர். இங்கே நிறம் முந்திவிட்டது. முதல் காரணம் தூரம். 4, 5 செ.மீ.யில் முழு நேரமும் வைத்தால் பத்து நிமிடத்துக்குள் மேல் முனைகள் கரியாகும், நடுப்பகுதி அப்போதுதான் வெதுவெதுப்பாகியிருக்கும். ஒரு பள்ளம் கீழே இறக்குங்கள். நிறம் மெதுவாக வருகிறதே என்று பயப்பட வேண்டாம், கடைசியில் நெருக்கி வைத்து வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது, துண்டின் அளவு. 4 செ.மீ. சதுரம் என்று வெட்டியதில் ஒன்றிரண்டு 6 செ.மீ. இருந்தால், அவை மற்றவற்றைவிட ஹீட்டரை 1 செ.மீ. கூடுதலாகவும் நெருங்கிவிடுகின்றன, வேகவும் அதிக நேரம் கேட்கின்றன. இரண்டு விதத்திலும் நஷ்டம். ஒரே கம்பியில் ஒரே அளவுத் துண்டுகளைக் கோத்தால் சிறிய கம்பியை முன்னாலேயே எடுத்துவிடலாம்.

மூன்றாவது, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு, தப்பு, எடுத்த குளிரோடு உள்ளே வைப்பது. அரை மணி நேரம் வெளியே வைத்திருங்கள், அதற்கு மேல் நம் ஊர் வெயிலில் வேண்டாம்.

மசாலாவில் சர்க்கரை, தேன், தக்காளி சாஸ் இருந்தால் கருகல் இன்னும் சீக்கிரம் வரும். நறுக்கிய பூண்டுத் துணுக்கும், நொறுக்காத கஸ்தூரி மேத்தி இலையும் தனித்தனியாகத் தீய்ந்து கசக்கும். பூண்டை நைசாக அரைத்து, மேத்தியைக் கையால் தூளாக்கிப் போட்டால் போதும். நிறத்துக்காகச் சிவப்புப் பொடி போடும் பழக்கத்தை நான் விரும்புவதில்லை. காஷ்மீரி மிளகாய்த்தூள் அந்த வேலையைச் செய்கிறது. தவிர, செயற்கை நிறம் போட்ட கறியில் நடு வெந்ததா இல்லையா என்று பார்த்துக் கண்டுபிடிப்பதும் கடினம்.

இப்போதே கருகிப் போன ஒரு தட்டு கையில் இருக்கிறதா? மேலே ஃபாயிலைத் தளர்வாகப் போர்த்தி, கீழ்ப் பள்ளத்துக்கு மாற்றி, 180-ல் இரண்டு ஹீட்டரும் ஓடட்டும். 6 நிமிடம் கழித்துத் தடித்த துண்டைப் பாருங்கள். சமையல் வெப்பமானி இருந்தால் நடுவில் குத்தும்போது 74 டிகிரி காட்ட வேண்டும். கோழிக்கறிக்குப் பாதுகாப்பான அளவு அது. இல்லையென்றால் வெட்டிப் பாருங்கள். கறி கண்ணாடி போலத் தெரியாமல் வெள்ளையாகி, நார் பிரிந்து, வடியும் சாறு தெளிவாக இருக்க வேண்டும்.

ஒரு பக்கம் பிரமாதம், மறுபக்கம் வேகவைத்த கறி

திருப்பவில்லை, அல்லது திருப்பியும் கறி திரும்பவில்லை. இரண்டாவதுதான் எரிச்சலூட்டும். கம்பியைச் சுழற்றுவீர்கள், கம்பி மட்டும் உள்ளே சுழலும், துண்டு கனமான பக்கம் கீழே தொங்க அப்படியே இருக்கும். உருண்டைக் கம்பியும் ஒற்றை மூங்கில் குச்சியும் இப்படித்தான் ஏமாற்றும். பட்டையான கம்பியோ சதுரக் கம்பியோ இருந்தால் பிரச்சினையே இல்லை. மூங்கில் குச்சிதான் என்றால் இரண்டு குச்சிகளை ஒரு விரல் இடைவெளியில் இணையாகச் செருகி, துண்டுகளை ஏணிப்படி மாதிரி கோத்துவிடுங்கள். துண்டின் நார் ஓடும் திசைக்குக் குறுக்காகக் குத்தினால் வெந்து சுருங்கும்போதும் பிடி தளராது.

எப்போது திருப்புவது என்பதில் ஆளுக்கு ஒரு கணக்கு சொல்வார்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் திறந்து திருப்பினால் காற்றுச் சூடு ஏறவே ஏறாது. கடைசிவரை திருப்பாமல் விட்டால் அடிப்பக்கம் ஈரமாகவே இருக்கும், ஏனென்றால் மேலிருந்து வடியும் நீரெல்லாம் அங்கேதான் சேர்கிறது. என் கணக்கு இது: மேல்பரப்பில் மசாலாவின் மினுமினுப்பு போய், மங்கலாகி, ஓரங்களில் முதல் பழுப்புப் புள்ளி தெரியும்போது முதல் தடவை. 9 செ.மீ. தூரத்தில் இது 7, 8 நிமிடத்தில் வரும். அப்போது அரைச் சுற்று திருப்பி, அடியில் தொங்கும் சொட்டுகளைத் தட்டிவிட்டு, மறுபக்கத்துக்கும் அதே அடையாளம் வரும்வரை விடுங்கள். அப்புறம் கால் சுற்று திருப்பி, இதுவரை பக்கவாட்டில் இருந்த இரண்டு முகத்தையும் மேலே காட்ட வேண்டும். கம்பி கால் சுற்றில் நிற்காமல் உருண்டால், முனையின் கீழ் ஃபாயிலைச் சுருட்டி முட்டுக் கொடுக்கலாம்.

வெண்ணெயோ எண்ணெயோ தடவுவது முதல் திருப்பலுக்குப் பிறகுதான். ஈரம் காயாத பரப்பில் எண்ணெய் தடவினால் அது நீரோடு சேர்ந்து வழிந்துபோகும். காய்ந்த பரப்பில் தடவினால் சூட்டைப் பிடித்து நிறத்தைச் சீராக்கும். பச்சைக் கறி ஊறிய கிண்ணத்தில் மிஞ்சிய மசாலாவை வெந்த கறி மேல் தடவாதீர்கள், அது வேகாமலே தட்டுக்கு வந்துவிடும்.

நடுக் கம்பி கருகியது, ஓரக் கம்பிகள் வெளுப்பு

ஹீட்டரின் வடிவத்தைப் பாருங்கள். சில ஓவன்களில் மேலே இரண்டு வளையம் இருக்கும். கிரில் முறையில் உள்வளையம் மட்டும் எரியும். அப்போது அனல் நடுவில் ஒரு சதுரத்தில்தான் விழும். ஓ.டி.ஜி.யில் இரண்டு நேர்க்கம்பிகள் இருந்தால் அவற்றின் நேர் கீழே கருகும், நடுவில் மங்கும். எங்கே விழுகிறது என்று கண்டுபிடிக்க ரேக் முழுக்க பிரெட் துண்டுகளை அடுக்கி, கிரிலில் 3 நிமிடம் வைத்து எடுங்கள். பழுப்பான இடம் உங்கள் ஓவனின் வரைபடம். கம்பிகளை அந்த இடத்துக்குள் வையுங்கள். கொள்ளவில்லை என்றால் திருப்பும் ஒவ்வொரு முறையும் ஓரக் கம்பியை நடுவுக்கும் நடுக் கம்பியை ஓரத்துக்கும் மாற்றி, முன் முனையைப் பின்னால் வருமாறு திருப்பிப் போடுங்கள். கதவுப் பக்கம் எப்போதும் சற்றுக் குளிர்ச்சிதான்.

நிறம் அழகு, வாயில் போட்டால் சக்கை

நெஞ்சுக்கறியா என்று முதலில் கேட்பேன். நெஞ்சுக்கறி 74 டிகிரியைத் தாண்டிப் போகப்போகக் காய்ந்துகொண்டே இருக்கும். தொடைக்கறி 80 வரை போனாலும் சாறோடு இருக்கும், இன்னும் மெத்தென்றும் ஆகும். வீட்டு ஓவனில் நிறத்துக்காக ஓரிரு நிமிடம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டி வரும் என்பதால் எலும்பில்லாத தொடைக்கறிதான் என் தேர்வு. நெஞ்சுக்கறியே வேண்டுமென்றால் துண்டை 5 செ.மீ.க்கு வெட்டி, மொத்த நேரத்தைக் கறியின் நடுச் சூட்டை வைத்து முடிவு செய்யுங்கள்.

சக்கையாக இல்லாமல் மாவு மாதிரி உதிர்ந்தால் அது ஓவனின் குற்றமில்லை. எலுமிச்சைச் சாற்றில் இரவு முழுக்க ஊறியிருக்கும், அல்லது பச்சைப் பப்பாளி விழுது சேர்த்திருப்பீர்கள். எலுமிச்சையும் உப்பும் முதலில் 20 நிமிடம், பிறகு தயிர் மசாலாவில் 4-லிருந்து 6 மணி நேரம். கோழிக்குப் பப்பாளி தேவையே இல்லை, அது ஆட்டுக்கறிக்கான வேலை.

புகை மண்டுகிறது

கொழுப்பும் எண்ணெயும் சூடான ட்ரேயில் சொட்டித் தீய்கின்றன. ட்ரேயில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் விடுங்கள், சொட்டு விழுந்ததும் அணைந்துவிடும். டம்ளர் கணக்கில் விட்டால் ஆவி கிளம்பி, முதலில் சொன்ன வெளுப்பு வந்து சேரும். ட்ரே இல்லாமல் வெறும் ரேக்கில் கம்பியை வைத்தால் சொட்டுகள் நேராகக் கீழ் ஹீட்டரில் விழும், தீப்பிடிக்கும் வாய்ப்பு உண்டு. கீழ் ஹீட்டர் மேல் ஃபாயில் போடுவதும் கூடாது. மூங்கில் குச்சியின் முனை புகைந்தால், குச்சிகளை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, கறி இல்லாத முனைகளை ஃபாயிலில் சுற்றிவிடுங்கள்.

கன்வெக்ஷன் மைக்ரோவேவ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிரிலும் மைக்ரோவேவும் சேர்ந்து ஓடும் முறையில் இரும்புக் கம்பி வேண்டாம், பொறி பறக்கும். மூங்கில் குச்சியைப் பயன்படுத்துங்கள். உயரமான ஸ்டாண்டில் வைத்து, தனி கிரில் முறையில் சுட்டால்தான் நிறம் வரும், நேரமும் கூடுதலாகப் பிடிக்கும்.

சீக் கபாப் கம்பியிலிருந்து வழுக்கி விழுகிறது

கொத்துக்கறியில் வெங்காயத் தண்ணீர் இருக்கிறது என்று பொருள். துருவிய வெங்காயத்தைத் துணியில் இறுகப் பிழியுங்கள். உப்புப் போட்டு, கறி உள்ளங்கையில் ஒட்டிப் பிசுபிசுக்கும்வரை பிசைந்து, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் குளிர வைத்து, பட்டைக் கம்பியில் விரல் தடிமனுக்கு மேல் போகாமல் பிடிக்க வேண்டும். முதல் 6 நிமிடம் தொடவே கூடாது. மேல்புறம் இறுகுவதற்கு முன் திருப்பினால் நீளவாக்கில் வெடித்துவிடும்.

ஒரு சுற்று, முழுதாக

மேலே சொன்னதெல்லாம் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று அதே ஓவனை வைத்தே பார்ப்போம். அரை கிலோ எலும்பில்லாத தொடைக்கறி, 4 செ.மீ. துண்டுகள், ஈரம் ஒற்றியவை. ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு எலுமிச்சையில் பாதிச் சாறு, ஒரு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, இரண்டு தேக்கரண்டி காஷ்மீரி மிளகாய்த்தூள். 20 நிமிடம் கழித்து வந்த நீரை வடித்துவிட்டு, கட்டித் தொங்கவிட்ட தயிர், வறுத்த கடலை மாவு, ஒரு மேசைக்கரண்டி கடுகு எண்ணெய், அரைத் தேக்கரண்டி கரம் மசாலா, ஒரு சிட்டிகை பொடித்த கஸ்தூரி மேத்தி. 5 மணி நேரம் ஃபிரிட்ஜில்.

நடுப் பள்ளம், 9 செ.மீ. தூரம். இரண்டு ஹீட்டரும் 200-ல் பத்து நிமிடம். கம்பிகளை ட்ரே விளிம்பில் வைத்து உள்ளே தள்ளி, குமிழ் 250-க்கு. எட்டாவது நிமிடம் மேலே மினுமினுப்பு போய்விட்டது, ட்ரேயில் சில சொட்டுகள்தான். அங்கே குளம் கட்டியிருந்தால் அப்போதே ட்ரேயிலிருந்து வடித்துவிட வேண்டும், விட்டுவைத்தால் ஆவியாகும். அரைச் சுற்று திருப்பி, ஓரத்தையும் நடுவையும் மாற்றி, வெண்ணெய் தடவி, இன்னொரு 6 நிமிடம். இந்தக் கட்டத்தில் தடித்த துண்டின் நடுவில் 70-ஐ ஒட்டிக் காட்டும், நிறம் பொன்னிறம், கருமை இல்லை. பலர் இங்கே "நிறம் வரவில்லையே" என்று அதே உயரத்தில் இன்னும் பத்து நிமிடம் விட்டுவிடுகிறார்கள். சக்கையாவது அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

அதற்குப் பதிலாக ட்ரேயை மேல் பள்ளத்துக்கு ஏற்றுங்கள். தூரம் இப்போது 4 செ.மீ.தான், நான் சொன்ன 5-ஐவிட ஒன்று குறைவு. ஆகவே ஓவன் முன்னாலிருந்து நகரக் கூடாது. மேல் ஹீட்டர் மட்டும். சிவந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, ஒரு பக்கம் ஒன்றரை நிமிடம், கால் சுற்று, இன்னொரு ஒன்றரை நிமிடம். துண்டுகளின் முனையில் மட்டும் கரும்புள்ளி விழுந்ததும் வெளியே எடுங்கள். நடுச் சூடு 78-ஐ எட்டியிருக்கும். கம்பியிலேயே 4 நிமிடம் விட்ட பிறகு உருவுங்கள், உடனே உருவினால் சாறு தட்டில் ஓடிவிடும்.

கரி வாசனை வேண்டுமென்றால் அது ஓவனிலிருந்து வராது. மூடியுள்ள பாத்திரத்தில் டிக்காவைப் போட்டு, நடுவில் ஒரு சிறிய எவர்சில்வர் கிண்ணம் வைத்து, அடுப்பில் சிவக்கப் பழுத்த ஒரு கரித்துண்டை அதில் இட்டு, அரைத் தேக்கரண்டி நெய் விட்டு உடனே மூடுங்கள். 3 நிமிடம் போதும், அதற்கு மேல் விட்டால் புகை கசப்பாக ஏறிவிடும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.